நான்கு விடைகளும் சரி போலத் தெரிந்தால்

ஐயா, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுவதும், நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றுவதும் தாளில் எழுதினால் எனக்கு ஓரளவு வருகிறது. ஆனால் நான்கு விடைகள் கொடுத்து, அவை காலத்தில் மட்டும் வேறுபட்டால் குழம்பிவிடுகிறேன். வாசிக்க வாசிக்க நான்குமே சரி என்று படுகிறது. போன வாரம் எழுதிய மாதிரித் தேர்வில் இந்த இரண்டும் தவறு. இரண்டிலும் ‘அ’ என்று குறித்திருந்தேன். எங்கே சறுக்குகிறேன்?

1. ஆசிரியர் விடைத்தாள்களைத் திருத்தியிருக்கிறார்.
அ) விடைத்தாள்கள் ஆசிரியரால் திருத்தப்பட்டன.
ஆ) விடைத்தாள்கள் ஆசிரியரால் திருத்தப்பட்டிருக்கின்றன.
இ) விடைத்தாள்கள் ஆசிரியரால் திருத்தப்பட்டிருந்தன.
ஈ) விடைத்தாள்கள் ஆசிரியரால் திருத்தப்படுகின்றன.

2. “நான் இந்த நூலை முன்பே படித்திருக்கிறேன்” என்று கயல்விழி சொன்னாள்.
அ) தான் அந்த நூலை முன்பே படித்திருந்ததாகக் கயல்விழி சொன்னாள்.
ஆ) தான் அந்த நூலை முன்பே படித்திருப்பதாகக் கயல்விழி சொன்னாள்.
இ) தான் அந்த நூலை முன்பே படித்ததாகக் கயல்விழி சொன்னாள்.
ஈ) தான் அந்த நூலை முன்பே படிக்கப்போவதாகக் கயல்விழி சொன்னாள்.

*

இரண்டுக்கும் விடை ‘ஆ’. ஆனால் இரண்டிலும் நீங்கள் சறுக்கிய காரணம் ஒன்றல்ல. முதல் கேள்வியில் ‘பட்டு’ என்ற துண்டைக் கண்டதும் இறந்த காலம் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். இரண்டாவதில், எனக்குத் தெரிந்தவரை, ஆங்கில இலக்கண வகுப்பு உங்கள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செயப்பாட்டு வினையில் காலம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முதல் விஷயம். ‘எழுதினார்’ என்பதை மாற்றும்போது ‘எழுது’ என்ற வினை ‘எழுத’ என்று ஆகிவிடுகிறது. அதன் பிறகு அது அசையாது. எழுதப்படுகிறது, எழுதப்பட்டது, எழுதப்படும் என்று மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ‘எழுத’ மூன்றிலும் அப்படியே நிற்கிறது. மாறுவது ‘படு’ மட்டும். (‘செய’ என்னும் வாய்பாட்டை மரபிலக்கணம் நிகழ்கால எச்சம் என்று வகுக்கும். அது வேறு கணக்கு. இந்த வேலைக்கு அதை உள்ளே இழுக்க வேண்டாம்.) ஆக, மூல வினை தான் போட்டிருந்த உடையைக் கழற்றி ‘படு’வுக்குக் கொடுத்துவிட்டு, வெறும் ‘எழுத’வாக ஒதுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த உடையைக் கழற்றியதோ அதே உடைதான் ‘படு’வின் மேல் இருக்க வேண்டும். அதற்கு மேலும் கூடாது, கீழும் கூடாது.

இப்போது உங்கள் வாக்கியத்துக்கு வாருங்கள். திருத்தியிருக்கிறார் என்பதை உடைத்தால் திருத்தி, இருக்கிறார் என்று இரண்டு துண்டு. ‘திருத்தி’ என்பது வினையெச்சம். அந்த எச்ச உடையைப் ‘படு’ வாங்கிக்கொண்டால் ‘பட்டு’ என்றாகும். அடுத்த துண்டான ‘இருக்கிறார்’ காலத்தை மாற்றாமல், புதிய எழுவாய்க்கு ஏற்றபடி ‘இருக்கின்றன’ ஆகும். திருத்த, பட்டு, இருக்கின்றன. சேர்த்தால் திருத்தப்பட்டிருக்கின்றன.

நீங்கள் பயந்த ‘பட்டு’ இங்கே வெறும் எச்சம்தான். ‘வந்து போகிறான்’ என்பதில் ‘வந்து’ இருக்கிறதே, அந்த மாதிரி. அதைப் பார்த்து யாரும் முழு வாக்கியத்தையும் இறந்த காலம் என்று சொல்வதில்லை. செய்வினையில் ‘திருத்தி’ இருந்தபோது நீங்களும் சொல்லவில்லை. அது ‘பட்டு’ என்று உருமாறியதும் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? முற்றுவினையின் கடைசித் துண்டுதான் காலத்தைச் சொல்லும். பட்டிருக்கின்றன என்றால் இருக்கின்றன. பட்டிருந்தன என்றால் இருந்தன. பட்டன என்று அங்கேயே முடிந்தால்தான் அந்த ‘பட்டு’வுக்கே காலம் உண்டு.

இன்னொரு குழப்பமும் உங்களுக்கு இருந்திருக்கலாம். திருத்தும் வேலை முடிந்துவிட்டதே, அப்படியானால் ‘திருத்தப்பட்டன’ என்று போட்டால் என்ன தப்பு என்று. பேச்சில் ஒரு தப்பும் இல்லை, கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஆனால் கேள்வி ‘அந்த வேலை நடந்ததா’ என்று கேட்கவில்லை. கொடுத்த வாக்கியத்தின் வடிவத்தை மாற்றச் சொல்கிறது. திருத்தப்பட்டன என்பதைத் திரும்பச் செய்வினையாக்கினால் ‘திருத்தினார்’ வரும், ‘திருத்தியிருக்கிறார்’ வராது. சந்தேகம் வந்தால் இப்படித் திருப்பிப் பாருங்கள். எடுத்த இடத்துக்கே வந்து சேராத விடை தவறு.

இந்த உடை மாற்றும் கணக்கு எவ்வளவு நீளமான வினைக்கும் செல்லும். எழுதிக்கொண்டிருந்தார் என்றால் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. எழுத வேண்டும் என்றால் எழுதப்பட வேண்டும். எழுதலாம் என்றால் எழுதப்படலாம். ‘எழுதப்பட்டுக்கொண்டிருந்தது’ என்பதை எந்த நல்ல எழுத்தாளரும் விரும்பி எழுதமாட்டார், அது எனக்கும் தெரியும். தேர்வில் வந்தால் மட்டும் குறித்துவிட்டு நகருங்கள்.

எதிர்காலத்தில் ஒரு சின்ன வேறுபாடு உண்டு. புதிய எழுவாய் அஃறிணையானால் ஒருமைக்கும் பன்மைக்கும் ‘படும்’ ஒன்றே போதும். பாலம் கட்டப்படும், பாலங்கள் கட்டப்படும். அதுவே உயர்திணையானால் முழு விகுதி வேண்டும். ‘நடுவர்கள் வெற்றியாளர்களைத் தேர்ந்தெடுப்பார்கள்’ என்பது ‘வெற்றியாளர்கள் நடுவர்களால் தேர்ந்தெடுக்கப்படுவார்கள்’ என்று ஆகும். இங்கே ‘தேர்ந்தெடுக்கப்படும்’ என்று ஒரு விடை இருந்தால் அது காலத்தில் சரியாகவும் திணையில் தவறாகவும் இருக்கும். காலத்தை மட்டும் பார்த்துப் பழகிய கண் அதில் விழுந்துவிடும்.

எதிர்மறை வாக்கியம்தான் உண்மையில் கடினமானது. நிறையப் பேர் அதைத் தனியாகப் பழகுவதில்லை. ‘இல்லை’ என்ற சொல் தானாக எந்தக் காலத்தையும் காட்டாது, அதற்கு முன்னால் நிற்கும் வடிவம்தான் காட்டும். திருத்தவில்லை என்பது நடக்காமல் போன ஒன்று. திருத்துவதில்லை என்பது வழக்கமாக நடக்காத ஒன்று. திருத்தமாட்டார் என்பது இனி நடக்காத ஒன்று. விடைத்தாள் என்று ஒருமையில் வைத்துக்கொண்டால் இவை முறையே திருத்தப்படவில்லை, திருத்தப்படுவதில்லை, திருத்தப்படாது என்று மாறும். ‘அனுமதிக்கப்படமாட்டாது’ என்று அறிவிப்புப் பலகைகளில் பார்த்திருப்பீர்கள். அதுவும் ‘அனுமதிக்கப்படாது’ என்பதும் காலத்தில் ஒன்றேதான். இந்த மூன்று வடிவங்களையும் ஒரே கேள்வியில் விடைகளாகப் போட்டால் வகுப்பில் பாதிப் பேர் முதலாவதைத்தான் தொடுகிறார்கள். காதுக்கு அதிகம் பழகியது அது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, இரண்டாவது கேள்வி.

ஆங்கிலத்தில் ‘சொன்னாள்’ என்ற வெளிவினை இறந்த காலத்தில் இருந்தால், மேற்கோளுக்குள் இருக்கும் வினையும் பெரும்பாலும் ஒரு படி பின்னால் போகும். ‘ஈஸ்’ என்பது ‘வாஸ்’ ஆகும், ‘ஹேவ்’ என்பது ‘ஹேட்’ ஆகும், ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகும். இதைப் பள்ளியில் அடித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதே பழக்கத்தில் ‘படித்திருக்கிறேன்’ என்பதை ஒரு படி பின்னால் தள்ளிப் ‘படித்திருந்ததாக’ என்று குறித்திருக்கிறீர்கள். தமிழில் அந்தப் படி கிடையாது. உள்ளே இருக்கும் காலம், சொன்னவர் வாயைத் திறந்த அந்த நேரத்திலிருந்து எண்ணப்படுகிறது. வெளியே ‘சொன்னாள்’ இருந்தாலும் ‘சொல்கிறாள்’ இருந்தாலும் ‘சொல்வாள்’ இருந்தாலும் அது நகராது.

இதை விதியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு சின்ன வாக்கியத்தில் சோதித்துப் பார்க்கலாம். “எனக்குப் பசிக்கிறது” என்று குழந்தை சொன்னது. இதைத் ‘தனக்குப் பசிப்பதாகக் குழந்தை சொன்னது’ என்று மாற்றினால், சொன்ன நேரத்தில் பசி இருந்தது என்று புரிகிறது. ‘தனக்குப் பசித்ததாகக் குழந்தை சொன்னது’ என்று எழுதிப் பாருங்கள். அதற்கு முன்னால் எப்போதோ பசித்தது, அதை இப்போது சொல்கிறது என்று பொருளே மாறிவிட்டது. உங்கள் கயல்விழிக்கும் இதே கதைதான். படித்திருந்ததாக என்றால் அவள் ‘படித்திருந்தேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும்.

‘ஆ’வை நீங்கள் ஒதுக்கியதற்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். கேள்வியில் ‘இருக்கிறேன்’ என்று நிகழ்காலம் இருக்க, விடையில் ‘இருப்பதாக’ என்று வந்தால் எதிர்காலம் போலத் தோன்றும். அங்கேதான் தமிழில் ஒரு விசேஷம். அயற்கூற்றில் முற்றுவினை தொழிற்பெயர் போல ஆகி, அதன் மேல் ‘ஆக’ ஒட்டுகிறது. வந்தேன் என்பது வந்தது, அப்புறம் வந்ததாக. வருவேன் என்பது வருவது, அப்புறம் வருவதாக. வருகிறேன் என்பதற்கும் எழுத்துத் தமிழில் பெரும்பாலும் அதே வருவதாகதான். ‘வருகிறதாக’ என்பது பேச்சில் கேட்கும், எழுத்தில் அரிது. அதாவது இறந்த காலம் தனியாக நிற்கிறது. நிகழ்காலமும் எதிர்காலமும் ஒரே வடிவத்தில் கலந்துவிடுகின்றன. இருக்கிறேன் என்பது இருப்பதாக ஆவதும் இந்தக் கலப்பால்தான்.

இந்த இடத்தில் நானே ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறேன். ஒரு பயிற்சி வகுப்புக்கு வினாத்தாள் தயாரித்தபோது, “நான் வருகிறேன்” என்பதன் அயற்கூற்றுக்கு ஒரு விடையில் ‘வருவதாக’ என்றும் இன்னொன்றில் ‘வருகிறதாக’ என்றும் போட்டுவிட்டேன். இரண்டாவதைத் தவறான விடை என்றுதான் நினைத்து வைத்தேன். ஒரு மாணவி எழுந்து, “வருகிறதாக என்பது எந்த விதிப்படி தவறு ஐயா?” என்று கேட்டாள். யோசித்தால், எழுத்து வழக்கில் அரிது என்று சொல்லலாமே ஒழிய விதிப்படி தவறு என்று சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் மதிப்பெண் போட்டேன். அதற்குப் பிறகு அந்த வகைக் கேள்வியைத் தயாரிக்கும்போது ஒரே கலப்பு வடிவத்தின் இரண்டு முகங்களை எதிரெதிரே நிறுத்துவதில்லை.

வினாத்தாள் தயாரிப்பவரின் பக்கத்திலிருந்து இன்னொன்றும் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். காலத்தில் வேறுபடும் விடைகளைத் தயாரிப்பது மிகச் சுலபம். சரியான விடையை எழுதி வைத்துக்கொண்டு வாலை மட்டும் மூன்று முறை மாற்ற வேண்டியதுதான். அயற்கூற்றில் அப்படி மாற்றுவதற்கு இரண்டு இடம் கிடைக்கிறது. ஒன்று உள்வினை, மற்றொன்று வெளியே நிற்கும் ‘சொன்னாள், கூறினான்’ போன்ற வினை. மாணவர்கள் உள்வினையையே உற்றுப் பார்ப்பார்கள் என்று தெரிந்தால் வெளிவினையில் கைவைப்பேன்.

“நான் நாளை இங்கு வருவேன்” என்று முருகன் கூறினான் என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தான் மறுநாள் அங்கு வந்ததாக முருகன் கூறினான்’ என்று ஒரு விடை. அதில் உள்வினை பின்னால் போய்விட்டது, தவறு. ‘தான் மறுநாள் அங்கு வருவதாக முருகன் கூறுகிறான்’ என்று இன்னொரு விடை. உள்ளே எல்லாம் சரி, வெளிவினையின் காலம் மாறிவிட்டது, தவறு. ‘தான் நாளை இங்கு வருவதாக முருகன் கூறினான்’ என்று மூன்றாவது. இதில் இரண்டு வினைகளின் காலமும் சரி, ஆனால் ‘நாளை’யும் ‘இங்கு’ம் பழைய இடத்திலேயே நிற்கின்றன. ‘தான் மறுநாள் அங்கு வருவதாக முருகன் கூறினான்’ என்பதுதான் விடை.

கவனித்தீர்களா, ஆங்கிலம் வினையையும் நகர்த்துகிறது, நாள் காட்டும் சொல்லையும் நகர்த்துகிறது. தமிழ் வினையின் காலத்தை விட்டுவிட்டு, சுட்டும் சொற்களை மட்டும் நகர்த்துகிறது. இன்று என்பது அன்று, நாளை என்பது மறுநாள், நேற்று என்பது முன்னாள் அல்லது முந்தைய நாள், இது என்பது அது, இங்கு என்பது அங்கு, நான் என்பது தான். இவற்றை ஒருமுறை சரிபார்த்துவிட்டால் நான்கு விடையில் ஒன்றோ இரண்டோ உடனே உதிர்ந்துவிடும். மிச்சத்துக்கு மட்டும் காலத்தைப் பார்த்தால் போதும்.

கட்டளை வாக்கியத்தில் உள்வினையின் காலத்துக்கு இடமே இல்லை. “உள்ளே வா” என்று ஆசிரியர் கூறினார் என்பது ‘உள்ளே வருமாறு ஆசிரியர் கூறினார்’ என்று ஆகும், ‘வரும்படி’ என்றாலும் சரி. அங்கே விடைகள் காலத்தில் வேறுபட்டால் வித்தியாசம் வெளிவினையில்தான் இருக்கும். நேராக வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்குப் போய்விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. தாளில் எழுதினால் வருகிறது, விடைகளைப் பார்த்தால் குழம்புகிறது என்கிறீர்கள். அப்படியானால் விடைகளை முதலில் பார்க்காதீர்கள். அவற்றை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, கேள்வியின் கடைசி வினையை மட்டும் உடைத்து, மாற்றிய வடிவத்தின் வாலை ஓரத்தில் எழுதுங்கள். முழு வாக்கியம் வேண்டாம், ‘பட்டிருக்கின்றன’ என்றோ ‘இருப்பதாக’ என்றோ ஒரு சொல் போதும். அப்புறம் கையை எடுத்து, அந்த வால் எந்த விடையில் இருக்கிறது என்று தேடுங்கள். நான்கையும் மனத்துக்குள் வாசித்துப் பார்த்து எது நன்றாக ஒலிக்கிறது என்று தேர்ந்தெடுப்பதுதான் உங்களைக் கவிழ்க்கிறது. நான்குமே நல்ல தமிழ் வாக்கியங்கள். நன்றாக ஒலிக்கத்தான் செய்யும்.

இந்த வழிக்கு எட்டாத ஒரு வகை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அயற்கூற்றைக் கொடுத்து நேர்க்கூற்று கேட்டால், ‘வருவதாக’ என்பதிலிருந்து வருகிறேனா வருவேனா என்று வால் சொல்லாது, கலந்துவிட்ட வடிவம் அது. அங்கே நாள் காட்டும் சொல்லைத்தான் பிடிக்க வேண்டும். ‘தான் அப்போது வீட்டில் இருப்பதாக அவர் கூறினார்’ என்றால் அப்போது என்பது இப்போது ஆகும், வினை ‘இருக்கிறேன்’. ‘தான் மறுநாள் வீட்டில் இருப்பதாக அவர் கூறினார்’ என்றால் மறுநாள் என்பது நாளை ஆகும், வினை ‘இருப்பேன்’. நாம் பேசும்போது ‘நாளைக்கு வருகிறேன்’ என்றுதான் சொல்கிறோம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விடைகளில் ‘நாளை வருகிறேன்’, ‘நாளை வருவேன்’ இரண்டும் இருந்தால் ‘வருவேன்’ என்பதையே குறியுங்கள்.